கடைசி மாதவிலக்கிலிருந்து பிரசவத் தேதி: 280 நாளை எண்ணும் முறை

கர்ப்பம் பதிய வரும் பெண்ணிடம் கிராம சுகாதார செவிலியர் முதலில் கேட்பது, "கடைசியா எப்போ கண்ணு தூரமானே?" என்பதைத்தான். "நாள் தள்ளிப்போய் ஒரு மாசம் ஆச்சுங்க சிஸ்டர்" என்று பலர் பதில் சொல்வார்கள். அது உண்மையான பதில்தான். ஆனால் கேட்ட கேள்வி வேறு. செவிலியர் கேட்டது இரத்தப்போக்கு கடைசியாகத் தொடங்கிய நாளை. பெண் சொல்வது வரவேண்டியது வராமல் போன நாளை. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய நான்கு வாரம் இருக்கிறது. அந்த நான்கு வாரம் அப்படியே அட்டையில் ஏறினால், பிரசவத் தேதியும் நான்கு வாரம் பிசகும்.

நம் பேச்சுவழக்கே இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். "முழுகாமல் இருக்கிறாள்" என்கிறோம். தலைக்குக் குளிக்க வேண்டிய நாளில் குளிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். ஆக, வீட்டுக் கணக்கு அந்தக் குளிக்காத நாளில் தொடங்குகிறது. மருத்துவமனைக் கணக்கு அதற்கு முந்தைய மாதவிலக்கின் முதல் நாளில் தொடங்குகிறது. மாமியார் "மூணு மாசம்" என்று சொல்லும்போது டாக்டர் "நாலு மாசம்" என்று சொல்வதற்கும், ஏதோ தப்பு நடந்துவிட்டதோ என்று வீட்டில் பயப்படுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். எண்ணத் தொடங்கும் நாள் வேறு, குழந்தை ஒன்றுதான்.

கரு உருவாவதற்கு முந்தைய நாட்களை ஏன் எண்ண வேண்டும்?

கரு எந்த நாளில் உருவானது என்பது வெளியே தெரியாது. மாதவிலக்கு தொடங்கிய நாள் தெரியும். அதனால் தெரிந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வரும் பெண்ணுக்கு, முதல் நாளிலிருந்து சுமார் 14 நாள் கழித்துக் கருமுட்டை வெளியாகும். அப்போது உருவான கரு வளர்ந்து பிறக்கச் சராசரியாக 266 நாள் ஆகும். 14-ஐயும் 266-ஐயும் கூட்டினால் 280. அதாவது 40 வாரம்.

இந்த 280-ஐ 28-ஆல் வகுத்தால் சரியாகப் பத்து வரும். "பத்து மாதம் சுமந்து பெற்றவள்" என்ற நம் வழக்கை இந்த 28 நாள் மாதத்தோடு வைத்துப் பார்த்தால் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. காலண்டர் மாதத்துக்கு 30, 31 நாள் இருப்பதால், அதே 280 நாள் அங்கே ஒன்பது மாதமும் ஏழு நாளும் ஆகிவிடுகிறது. மருத்துவமனைகளில் இன்றும் பயன்படும் சூத்திரம் இந்த ஒன்பது மாதம் ஏழு நாள்தான். ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் பேறுகால மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் நேகலே (1778–1851) பெயரால் இதை நேகலே விதி என்கிறார்கள்.

முதலில் சரியான தேதியைப் பிடிப்பது

கணக்கு எளிது. கஷ்டம் அந்த முதல் தேதியைப் பிடிப்பதில்தான். ஒரே மாதவிலக்குக்கு மூன்று தேதி வாயில் வரலாம்: தொடங்கிய நாள், நின்ற நாள், தலைக்குக் குளித்த நாள். கணக்குக்கு வேண்டியது தொடங்கிய நாள் மட்டுமே. குளித்த நாளைச் சொன்னால் மூன்று நான்கு நாள் தள்ளிப்போகும். அது சிறிய பிழைதான். ஆனால் மற்றப் பிழைகளோடு சேரும்போது பெரிதாகிவிடும்.

தேதி நினைவில்லை என்பவரிடம் தேதியையே திரும்பத் திரும்பக் கேட்பதில் பயனில்லை. மாதவிலக்கு நாளில் செய்ய முடியாமல் போனது எது என்று கேட்டால் நினைவு வந்துவிடும். கோயிலுக்குப் போகாமல் நின்ற நாள், விசேஷத்துக்குப் போயும் ஒதுங்கி உட்கார்ந்த நாள், தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் லீவு விழுந்த நாள். இவை காலண்டரைவிட உறுதியாக மனதில் நிற்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண் என்று வைத்துக்கொள்வோம். "ஆடி மாசம் ஆச்சுங்க" என்பது மட்டும்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

"ஆடி பதினெட்டுக்கு எங்க போனீங்க?"

"மேட்டூர் போய் ஆத்துல குளிச்சுட்டு வந்தோங்க."

"அப்போ நல்லா இருந்தியா?"

"நல்லாத்தாங்க இருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை கோயில்ல கூழ் ஊத்துனாங்க. அதுக்குத்தான் போக முடியல."

இப்போது தேதி நெருங்கிவிட்டது. 2025-ல் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வெள்ளி ஆகஸ்ட் 8. இங்கேயே எழுதி முடித்துவிடக் கூடாது. இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: "வெள்ளிக்கிழமைதான் ஆரம்பிச்சதா, முன்னாடியே ஆரம்பிச்சிருச்சா?" வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வரும்போதே தொடங்கிவிட்டது என்கிறார். ஆக, முதல் நாள் 2025 ஆகஸ்ட் 7, வியாழன்.

தேதியோடு கிழமையையும் எழுதி வைப்பது மிக முக்கியம். ஏன் என்பது கொஞ்சம் கீழே தெரியும்.

தமிழ் மாதத் தேதி மட்டும் தெரிந்தவர்கள், அதை அந்த ஆண்டு காலண்டரைப் பார்த்து ஆங்கிலத் தேதியாக மாற்றிக்கொண்ட பிறகே கூட்ட வேண்டும். தமிழ் மாதங்களுக்கு 29 நாளிலிருந்து 32 நாள் வரை உண்டு. ஆடியிலிருந்து ஒன்பது தமிழ் மாதம் என்று விரல் விட்டு எண்ணினால் சூத்திரம் பொருந்தாது.

எண்ணும் முறை

ஒன்பது மாதம் முன்னே போவதும், மூன்று மாதம் பின்னே வந்து ஆண்டைக் கூட்டுவதும் ஒன்றுதான். பின்னே வருவது மனக்கணக்குக்கு எளிது. ஆகஸ்டிலிருந்து மூன்று மாதம் பின்னே வந்தால் மே. ஆக மே 7. ஏழு நாள் கூட்டினால் மே 14. ஆண்டு 2026. எதிர்பார்க்கப்படும் பிரசவத் தேதி 2026 மே 14.

சரிதானா என்று நாள் நாளாகவும் எண்ணிப் பார்க்கலாம். ஆகஸ்ட் 7-க்குப் பிறகு அந்த மாதத்தில் மீதி 24 நாள். செப்டம்பரின் 30 சேர்த்தால் 54. அக்டோபர் முடிவில் 85, நவம்பர் முடிவில் 115, டிசம்பர் முடிவில் 146, ஜனவரி முடிவில் 177, பிப்ரவரி முடிவில் 205, மார்ச் முடிவில் 236, ஏப்ரல் முடிவில் 266. மே மாதத்தில் இன்னும் 14 நாள். மொத்தம் 280. பொருந்துகிறது.

இதைவிடச் சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. 280 என்பது ஏழின் மடங்கு. அதனால் மாதவிலக்கு எந்தக் கிழமையில் தொடங்கியதோ, பிரசவத் தேதியும் அதே கிழமையில்தான் விழ வேண்டும். ஆகஸ்ட் 7 வியாழன். 2026 மே 14-உம் வியாழன். கிழமை மாறியிருந்தால் எங்கோ பிசகு என்று அர்த்தம்.

அந்தப் பிசகு சூத்திரத்திலேயே இருக்கலாம். எல்லா ஒன்பது மாதமும் ஒரே நீளமில்லை. பிப்ரவரி சேராத ஒன்பது மாதத்தில் நாட்கள் கூடிவிடும். உதாரணமாக 2025 மே 10, சனிக்கிழமை தொடங்கியவருக்குச் சூத்திரப்படி 2026 பிப்ரவரி 17 வரும். அது செவ்வாய்க்கிழமை. எண்ணிப் பார்த்தால் 283 நாள், மூன்று நாள் அதிகம். இப்படிக் கிழமை பொருந்தாதபோது, கிடைத்த தேதிக்கு உடனே முன்னால் உள்ள அதே கிழமைக்குப் பின்வாங்குங்கள். பிப்ரவரி 17-க்கு முந்தைய சனி பிப்ரவரி 14. அதுதான் சரியான 280-ஆம் நாள். சூத்திரம் தரும் நாள் சில மாதங்களில் சரியாக இருக்கும், சில மாதங்களில் ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை கூடும். ஒருபோதும் குறையாது. ஆகவே திருத்தம் எப்போதும் பின்பக்கம்தான்.

கணினியிலோ போனிலோ விரிதாள் வைத்திருப்பவர்கள் முதல் கட்டத்தில் தேதியை இட்டு, அடுத்த கட்டத்தில் இப்படி எழுதினால் போதும்:

```
=A1+280
```

இங்கே ஒரு பொறி உண்டு. 07/08/2025 என்று நாம் தட்டுவது ஆகஸ்ட் 7. மாதத்தை முதலில் படிக்கும்படி அமைந்த போன் அதை ஜூலை 8 என்று எடுத்துக்கொள்ளும். விடை 2026 ஏப்ரல் 14 என்று வரும். ஒரு மாதம் முன்னால். கர்ப்பக் கணக்குச் செயலிகளிலும் இது நடக்கலாம். ஏப்ரல் 14 செவ்வாய்க்கிழமை. நாம் எழுதி வைத்தது வியாழன். கிழமையை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருபவர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. நம் உதாரணப் பெண்ணிடம் கேட்டால், "போன மாசம் வந்த தேதிக்கு ரெண்டு மூணு நாள் தள்ளித்தாங்க அடுத்த மாசம் வரும்" என்கிறார். அவருக்கு ஜூன் 2, ஜூலை 5, ஆகஸ்ட் 7 என்று வந்திருக்கிறது. "ரெண்டு மூணு நாள் தள்ளுது, அப்போ மூணு நாள் கூட்டிக்கலாம்" என்று தோன்றும். அது தவறு. காலண்டர் தேதியே தள்ளாமல் வந்தாலும் சுழற்சி 30 அல்லது 31 நாள் ஆகியிருக்கும். ஒரு முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எண்ண வேண்டும். ஜூன் 2-லிருந்து ஜூலை 5 வரை 33 நாள். ஜூலை 5-லிருந்து ஆகஸ்ட் 7 வரையும் 33. ஆக, 28-ஐவிட ஐந்து நாள் அதிகம்.

இந்த ஐந்து நாளையும் பிரசவத் தேதியோடு கூட்ட வேண்டும். காரணம் இதுதான். கருமுட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிலக்கு வரை ஆகும் காலம் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். அது அதிகம் மாறுவதில்லை. சுழற்சி நீளும்போது நீள்வது முன்பகுதிதான், அதாவது மாதவிலக்குத் தொடங்கியதிலிருந்து முட்டை வெளியாகும் வரை உள்ள நாட்கள். 33 நாள் சுழற்சியில் முட்டை 14-ஆம் நாள் வாக்கில் வராது. 19-ஆம் நாள் வாக்கில் வரும். கரு ஐந்து நாள் தாமதமாகத்தான் உருவாகியிருக்கும். ஆக மே 14-உடன் ஐந்து கூட்டி, மே 19. சுழற்சி 24 நாளாக இருந்திருந்தால் நான்கு நாள் கழித்து மே 10 என்று வந்திருக்கும்.

இப்படித் திருத்திய பிறகு கிழமைச் சோதனை பொருந்தாது. அதனால் முதலில் 280-ஐச் சோதித்துவிட்டு, பிறகு கூட்டவோ கழிக்கவோ செய்ய வேண்டும்.

மாதவிலக்கு ஒரு மாதம் 26 நாளிலும் அடுத்தது 45 நாளிலும் வருபவருக்கு இந்தத் திருத்தம் உதவாது. சராசரி எடுத்துக் கூட்டினாலும் அது ஊகம்தான். அந்தக் குறிப்பிட்ட மாதத்தில் முட்டை எப்போது வந்தது என்பதை அந்தச் சராசரி சொல்லாது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, மாதவிலக்கு திரும்ப வருவதற்கு முன்பே கருத்தரித்தவருக்கு எண்ணத் தொடங்க நாளே இல்லை. கருத்தடை மாத்திரையையோ அந்தரா ஊசியையோ நிறுத்திய சில மாதத்தில் கருத்தரித்தவருக்கும் தேதி இருந்தாலும் நம்ப முடியாது. அந்தரா ஊசிக்குப் பிறகு சுழற்சி ஒழுங்குக்கு வரப் பல மாதம் ஆகலாம். இவர்கள் எல்லோருக்கும் தேதியை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். இதை முதல் வருகையிலேயே சொல்லிவிட்டால் காலம் வீணாகாது.

எளிதில் ஏமாற்றும் இன்னொன்று, கடைசி மாதவிலக்கு என்று நினைத்தது மாதவிலக்காகவே இல்லாமல் இருப்பது. கரு கருப்பையில் ஒட்டும் காலத்தில் சிலருக்குக் கொஞ்சம் இரத்தக்கசிவு வரும். அது மாதவிலக்கு வர வேண்டிய நேரத்துக்கு அருகிலேயே வருவதால், "இந்த மாசம் கொஞ்சமாத்தான் பட்டுச்சு" என்று எடுத்துக்கொண்டுவிடுவார்கள். வழக்கமாக நான்கு நாள் போகிறவருக்கு ஒன்றரை நாள் லேசாகக் கறை பட்டு நின்றிருந்தால், அதை விட்டுவிட்டு அதற்கு முந்தைய, வழக்கமான அளவில் போன மாதவிலக்கைக் கேட்க வேண்டும். அட்டையில் எழுதும்போது இரண்டு தேதியையும் குறித்து டாக்டரிடம் சொல்வது நல்லது. கர்ப்பத்தில் எந்த இரத்தக்கசிவு வந்தாலும் அவர் தெரிந்துகொள்ள வேண்டியதே.

முதல் ஸ்கேனோடு ஒப்பிடுவது

எண்ணி எடுத்த தேதி எவ்வளவு நம்பகமானது என்பதை முதல் மூன்று மாத ஸ்கேன் காட்டிவிடும். அந்தக் காலத்தில் கருவை உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை அளப்பார்கள். அப்போது எல்லாக் கருவும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்வதால், அளவை வைத்து வயதைச் சில நாள் துல்லியத்தில் சொல்ல முடிகிறது. ஸ்கேன் அறிக்கையில் இரண்டு பிரசவத் தேதி இருக்கும்: மாதவிலக்குப்படி ஒன்று, ஸ்கேன்படி ஒன்று. இரண்டும் வேறாக இருந்தால் பதற வேண்டியதில்லை. எத்தனை நாள் வித்தியாசம் என்று பார்க்க வேண்டும்.

பரவலாகப் பின்பற்றப்படும் அளவு இது. 9 வாரம் முடிவதற்கு முன் எடுத்த ஸ்கேனில் 5 நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வார்கள். 9 வாரம் முடிந்ததிலிருந்து 14 வாரத்துக்குள் எடுத்ததில் 7 நாளுக்கு மேல் இருந்தால் மாற்றுவார்கள். அதற்குள் இருந்தால் மாதவிலக்குத் தேதியே நிற்கும். சில இடங்களில் வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்காமல் முதல் ஸ்கேன் தேதியையே எப்போதும் எடுக்கிறார்கள். உங்கள் டாக்டர் எதை முடிவு செய்தார் என்பதைக் கேட்டு, அந்த ஒரு தேதியை அட்டையில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

நம் பெண் 2025 அக்டோபர் 16 அன்று சேலத்துக்கு இறங்கி வந்து ஸ்கேன் எடுக்கிறார் என்று வைப்போம். மாதவிலக்குப்படி அன்று 70 நாள், சரியாக 10 வாரம். ஸ்கேனோ 9 வாரம் 2 நாள் என்கிறது. ஐந்து நாள் குறைவு. எல்லைக்குள் இருக்கிறது. அதோடு, ஏன் குறைகிறது என்பதும் நமக்குத் தெரியும். சுழற்சி 33 நாள். ஸ்கேன்படி தேதி மே 19; சுழற்சி பார்த்துத் திருத்தியபோது வந்ததும் மே 19. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேரும்போது நிம்மதியாக நம்பலாம். டாக்டர் மே 19 என்று முடிவு செய்கிறார் என்று கொள்வோம்.

இதே பெண் நாள் தள்ளிப்போனதையே கடைசி மாதவிலக்காகச் சொல்லியிருந்தால்? 28 நாள் கழித்து வந்திருக்க வேண்டும் என்று நினைத்து செப்டம்பர் 4 என்று சொல்கிறார் என்று வைப்போம். பிரசவத் தேதி ஜூன் 11 என்று அட்டையில் ஏறியிருக்கும். அக்டோபர் 16 ஸ்கேனில் 6 வாரம் எதிர்பார்க்கப்படும். ஆனால் 9 வாரம் 2 நாள் கரு தெரியும். 23 நாள் வித்தியாசம். அன்றே பிழை வெளிப்பட்டுத் தேதி திருத்தப்பட்டுவிடும். முதல் ஸ்கேனைத் தவறவிட்டால்தான் ஆபத்து. ஜூன் 11 என்று நம்பிக்கொண்டே மே கடைசி வரை இருப்பார். அப்போது உண்மையில் 41 வாரம் ஆகியிருக்கும். அட்டையோ 38 என்று காட்டும். 41 வாரம் தாண்டினால் நஞ்சுக்கொடி குழந்தைக்குப் போதுமான ஊட்டம் கொடுக்கிறதா என்று டாக்டர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள். 42 வாரம் தாண்ட விட மாட்டார்கள். தவறான தேதி அந்தக் கவனிப்பையே தள்ளிப்போட்டுவிடும்.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதியச் சொல்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அந்தப் பதிவு தேவை. நம் பெண்ணுக்கு மாதவிலக்குப்படி 12 வாரம் முடிவது 2025 அக்டோபர் 30. நாள் தள்ளியதிலிருந்து 12 வாரம் என்று எண்ணிக்கொண்டு நவம்பர் கடைசியில் போனால் பதிவு பிந்திவிடும், முதல் ஸ்கேனுக்கான நல்ல காலமும் போய்விடும்.

ஒன்பதாம் மாத ஸ்கேன் சொல்லும் தேதி

இங்கேதான் வீடுகளில் அதிகக் குழப்பம். முதல் ஸ்கேனில் மே 19 என்று முடிவாகியிருக்கும். ஏப்ரலில் எடுத்த ஸ்கேனில் மே 31 என்று அச்சாகி வரும். "தேதி தள்ளிப்போச்சு, அவசரமில்லை" என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். தேதி தள்ளிப்போகவில்லை. கடைசி மூன்று மாதத்தில் குழந்தைகள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. தாயின் உடல்வாகு, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் அதில் சேர்ந்துவிடும். அந்த வயதில் ஸ்கேன் கணக்கு மூன்று வாரம் வரைகூடப் பிசகலாம். இயந்திரம் செய்வது இவ்வளவுதான்: இந்த அளவுள்ள குழந்தைக்குச் சராசரியாக எத்தனை வாரம் என்று பார்த்து, அதிலிருந்து ஒரு தேதியைக் கணக்கிட்டு அச்சடிக்கிறது.

அதனால் முதல் மூன்று மாதத்தில் முடிவான தேதியைப் பிறகு வரும் எந்த ஸ்கேனும் மாற்றக் கூடாது. 34 வாரத்தில் குழந்தை 32 வாரத்துக்குரிய அளவில் இருந்தால், கேட்க வேண்டிய கேள்வி "தேதி எப்போ?" என்பதல்ல. "குழந்தை வளர்ச்சி குறைவா இருக்குங்களா டாக்டர்?" என்பதுதான். தேதியைத் தள்ளி வைத்துவிட்டால் அந்தக் குறைவு கண்ணில் படாமலே போய்விடும். பழைய அறிக்கைகளைப் புதியது வந்ததும் வீசிவிடாதீர்கள். முதல் ஸ்கேன் அறிக்கை பிரசவம் வரை அட்டையோடு இருக்க வேண்டும்.

மே 19 என்றால் மே 19 அன்றே பிறக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். குறித்த நாளிலேயே பிறப்பது நூற்றில் நான்கைந்து குழந்தைகள்தான். அந்தத் தேதியை ஒரு காலகட்டத்தின் நடுப்பகுதியில் இருக்கும் குறியாக வைத்துக்கொள்ள வேண்டும். 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம். பிரசவத் தேதியிலிருந்து மூன்று வாரம் பின்னே வந்தால் 37 வாரம்: ஏப்ரல் 28. இரண்டு வாரம் முன்னே போனால் 42 வாரம்: ஜூன் 2.

மலையில் இருப்பவர்களுக்கு இந்த ஏப்ரல் 28-தான் பிரசவத் தேதியைவிட முக்கியமான நாள். ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். நாகலூர் மாதிரி ஊர்களிலிருந்து முதலில் ஏற்காடு வந்து சேர வேண்டும். மே மாதம் ஏற்காட்டுக்குக் கோடைக் கூட்டம் ஏறும் காலம்; விடுமுறை நாட்களில் மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். முந்தைய பிரசவம் சிசேரியனாக இருந்தால், இரத்த அழுத்தம் இருந்தால், வயிற்றில் இரட்டை இருந்தால், சேலத்தில் சொந்தக்காரர் வீட்டுக்கு எப்போது இறங்கி வர வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இவர்களுக்கு 37 வாரத்துக்கு முன்பேகூடச் சொல்லலாம். மற்றவர்கள் ஏப்ரல் 28-க்குள் துணிப்பையைக் கட்டி, அட்டையையும் எல்லா ஸ்கேன் அறிக்கையையும் அதில் வைத்து, இரவில் வலி வந்தால் எந்த வண்டி என்று பேசி வைத்திருக்க வேண்டும். 108-ஐ அழைத்தாலும் வண்டி மேலே வந்து சேர நேரம் எடுக்கும். வலி முற்றும் வரை காத்திருந்து அழைக்காதீர்கள்.

ஏப்ரல் 28-க்கு முன்பே இடைவெளி விட்டு விட்டு இறுக்கமாக வலி வந்தாலோ, தண்ணீர் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ தேதியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. உடனே கிளம்ப வேண்டும். மருத்துவமனையில் முதலில் கேட்பது "எத்தனை வாரம்?" என்றுதான். குறைமாதப் பிரசவமாக இருந்தால் குழந்தையின் நுரையீரலுக்காக ஊசி போடுவதா என்பதை அந்த வாரக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த நேரத்தில் மாதவிலக்குத் தேதியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அட்டையின் முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தால் போதும்: கடைசி மாதவிலக்கு 7-8-2025 வியாழன், சுழற்சி 33 நாள், முதல் ஸ்கேன் 16-10-2025 அன்று 9 வாரம் 2 நாள், முடிவான பிரசவத் தேதி 19-5-2026.